சேதச் சீட்டு: ஒரு மாங்கூழ்க் கிடங்குக் கணக்கனின் அனுபவங்கள்

ஒரு தொழிற்சாலையின் சரக்குப் பதிவேட்டில் வரவுப் பத்தியை எழுதுவதற்கு ஆட்கள் போட்டியிட்டுக்கொண்டு வருவார்கள். செலவுப் பத்தியையும், பின்னால் பணம் வரப்போகிறது என்ற உற்சாகத்தில், தவறாமல் எழுதிவிடுவார்கள். ஆனால் அழுகியதையும் உடைந்ததையும் ஒழுகியதையும் எழுதவேண்டிய மூன்றாவது பத்திக்கு மட்டும், அந்தப் பேனாவைத் தொட்டாலே பழி தம்மீது ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல, ஒருவரும் முன்வரமாட்டார்கள். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலுமாக என் உத்தியோக வாழ்க்கை முழுவதையும் இந்த மூன்றாவது பத்தியோடு போராடியே கழித்தவன் என்ற முறையில், அந்தப் பத்தி எப்படி எழுதப்பட வேண்டும், எழுதாமல் விட்டால் என்ன நேரும் என்பதைப் பற்றி நான் கண்ட சிலவற்றை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

நான் முதலில் கிடங்குக் கணக்கனாகச் சேர்ந்தது ஓசூர் சிப்காட்டில் இருந்த ஓர் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில். அங்கே கடைசலில் தவறிப்போன உருப்படியைச் சிவப்புப் பெட்டியில் போடுவார்கள். அது அங்கேயே கிடக்கும். இன்றைக்கு எண்ண நேரமில்லையென்றால் நாளைக்கு எண்ணலாம். இரும்பு எங்கும் ஓடிவிடாது. கலால் இலாகாவினர் வந்து ஆர்.ஜி.1 பதிவேட்டைப் புரட்டும்போது, பெட்டியில் கிடப்பதும் ஏட்டில் இருப்பதும் ஒத்திருந்தால் போதும். பிறகு கிருஷ்ணகிரிக்கு வந்து ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையின் கிடங்குப் பொறுப்பை ஏற்றுக்கொண்டபோதுதான், சேதம் தன் அடையாளத்தைத் தானே அழித்துக்கொண்டு போகும் சரக்கும் உலகத்தில் உண்டு என்பது எனக்குப் பிரத்தியட்சமாகத் தெரிந்தது. பழம் காற்றில் எடை குறைகிறது. அழுகியதை அன்றே அள்ளி வெளியே கொட்டிவிடுகிறார்கள். கூழ் கழுவுநீரோடு கலந்து சாக்கடைக்குப் போய்விடுகிறது. அன்றைக்கு எழுதாததை மறுநாள் எழுதுவதற்குச் சாட்சியே இருக்காது.

எங்கள் பக்கத்தில் கூழுக்குப் பெரும்பாலும் போவது பெங்களூரா ரகம். வடநாட்டார் தோதாபுரி என்பதும் இதுவே. போச்சம்பள்ளி, சந்தூர், பர்கூர், காவேரிப்பட்டினம் ஆகிய பக்கங்களிலிருந்து டிராக்டரிலும், எல்லைக்கு அப்பால் ஸ்ரீனிவாசபுரத்துத் தோப்புகளிலிருந்து லாரியிலும் காய் வந்து இறங்கும். எடை மேடையில் ஏற்றி இறக்கிய எடைதான் எங்கள் ஏட்டில் வரவு. ஆனால் அந்தக் காய் அன்றே இயந்திரத்துக்குப் போவதில்லை. சுமார் 20 கிலோ பிடிக்கும் கிரேட்டுகளில் அடுக்கி, பழுக்கவைக்கும் கிடங்கில் நாலைந்து நாள் இருந்து, பழுத்தபின் பொறுக்கி எடுக்கப்பட்டுத்தான் கூழாக்கும் இடத்துக்குப் போகிறது. இந்த நாலைந்து நாளில் இரண்டு விதமான குறைவு நேர்கிறது. ஒன்று, பழத்திலிருந்து ஈரம் போவதால் ஏற்படும் எடைக்குறைவு. இதைக் கையால் எடுத்துக் காட்ட முடியாது. மற்றொன்று அழுகல், இதைக் காட்ட முடியும், நிறுக்கவும் முடியும், யாராவது நிறுத்தால்.

நான் போய்ச் சேர்ந்த காலத்தில் அந்தத் தொழிற்சாலையில் இரண்டையும் தனித்தனியே எழுதும் வழக்கம் இல்லை. பருவம் முடிந்தபின், வாங்கிய காயிலிருந்து இயந்திரத்துக்குப் போன பழத்தைக் கழித்து, மிச்சத்தை ‘சேதாரம்’ என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் காற்றில் போன எடை இருந்தது, அழுகல் இருந்தது, எடை மேடையின் பிழை இருந்தது, இரவில் சுவரேறிப் போன கிரேட்டுகளும், நான் நினைக்கிறபடி, இருந்தன. எல்லாம் ஒரே பெயரில் இருந்ததால் எதற்கும் யாரும் பதில் சொல்ல வேண்டியதாக இல்லை.

இதைப் பிரிப்பதற்கு நாங்கள் செய்த உபாயம் மிகச் சாதாரணமானது. ஒவ்வொரு லாட்டிலும் பத்துக் கிரேட்டுகளுக்கு நீலத்துணி கட்டி, வந்த அன்றைக்கு அவற்றை நிறுத்து எழுதிக்கொண்டோம். தினந்தோறும் காலையில் அதே பத்தை மறுபடி நிறுத்தோம். அழுகியதை எடுத்து அதையும் நிறுத்து, கிரேட்டில் இருந்ததோடு கூட்டினோம். கூட்டியும் வராத எடைதான் காற்றில் போனது. அந்த விகிதத்தை லாட் முழுவதற்கும் பொருத்திப் பார்த்தால், அதற்குமேல் குறைவது எல்லாம் அழுகலாக இருக்க வேண்டும். அந்த அழுகல் குப்பை டிராக்டரின் எடைச்சீட்டில் தென்பட வேண்டும். தென்படாவிட்டால் வேறு வழியில் போயிருக்கிறது என்று அர்த்தம். இந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்த முதல் பருவத்திலேயே இரண்டு விஷயங்கள் வெளிப்பட்டன. மழைக்குப் பின் பறித்த காயில், காம்புப் பக்கத்திலிருந்து கறுத்துப் பரவும் அழுகல் மிகுதி என்பது ஒன்று. ஒரு குறிப்பிட்ட முறைக்காரர்களின் இரவுகளில் மட்டும் எடை, அழுகலும் இல்லாமல் காய்தலும் இல்லாமல் மறைகிறது என்பது மற்றொன்று. முதலாவதை வாங்கும் விலையில் சரிசெய்தோம். இரண்டாவதைக் காவல் வைத்துச் சரிசெய்தோம். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தவரையில் இரண்டையுமே செய்திருக்க முடியாது.

பழுக்கவைக்கும் முறையும் என் காலத்திலேயே மாறிற்று. கார்பைடுக் கல்லை வைத்துப் பழுக்கவைத்தால் மேல்தோல் மஞ்சளாகி உள்ளே புளிப்பாகவே நிற்கும். ஒரே கிரேட்டில் கல்லாய்ச் சிலவும் குழைந்து சிலவுமாக இருக்கும். 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் அதற்குத் தடை இருக்கிறது. பின்னால் எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் அளவு வரை பயன்படுத்த அனுமதித்தார்கள். அறை ஒன்றாகப் பழுத்தால் இன்ன நாளில் இத்தனை டன் இயந்திரத்துக்குத் தயார் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறது. காத்திருந்து குழைந்துபோகும் பழமும் குறைகிறது. கணக்கனுக்கு இதிலுள்ள லாபம் என்னவென்றால், சகஜமான விரயம் இவ்வளவு என்று ஒரு அளவுகோலை நிர்ணயித்து அதை நம்ப முடிகிறது என்பதே.

அந்த அளவுகோல் எதற்குப் பயன்படுகிறது என்பதை, புரிவதற்காக வட்ட எண்களை வைத்துக்கொண்டு, எங்கள் தொழிற்சாலையில் நேர்ந்த ஒரு சம்பவத்தின் வாயிலாகச் சொல்கிறேன். 100 டன் காய் கிலோ 12 ரூபாய் வீதம் வாங்கினோம். மொத்தம் 12 லட்சம் ரூபாய். சகஜமாகக் காய்வதில் 6 டன்னும் அழுகலில் 4 டன்னும் போய், 90 டன் பழம் இயந்திரத்துக்குப் போக வேண்டும். தோலும் கொட்டையும் நாரும் நீங்கி நூற்றுக்கு 55 வீதம் கூழ் கிடைத்தால் 49½ டன் கூழ். பழத்தின் விலை மட்டும் கிலோ கூழுக்கு 24 ரூபாய் 24 காசு ஆகிறது. இந்த 10 டன் விரயம் தொழிலோடு பிறந்தது. ஆகையால் அதன் பாரத்தை நல்ல கூழ் சுமப்பதே நியாயம்.

அந்தத் தடவை பருவத்தின் உச்சத்தில் கொதிகலனின் குழாய் ஒன்று ஒழுகி, நீராவி இல்லாமல் இரண்டு நாள் வேலை நின்றுபோயிற்று. பழுத்த பழம் கொதிகலனுக்காகக் காத்திருக்குமா? சகஜமான அளவுக்கு மேல் இன்னும் 10 டன் குழைந்து அழிந்தது. இயந்திரத்துக்குப் போனது 80 டன். கிடைத்த கூழ் 44 டன். மேலதிகாரி ஒருவர், 12 லட்சத்தை 44 டன்னால் வகுத்து, கூழ் கிலோவுக்கு 27 ரூபாய் 27 காசு ஆகிவிட்டது என்று கணக்கிட்டு, அந்த விலையின்மேல் லாபம் வைத்து அடுத்த ஆர்டருக்கு விலை சொல்லப் புறப்பட்டார். அப்படிச் சொல்லியிருந்தால், பக்கத்துத் தொழிற்சாலைகள் எல்லாம் பழைய விலையிலேயே சொல்லிக்கொண்டிருக்கும்போது, எங்கள் கொதிகலன் கெட்டதற்கான அபராதத்தை வாங்குகிறவர் தலையில் சுமத்தப் பார்த்ததாக ஆகியிருக்கும். வாங்குகிறவரோ அதைச் சுமக்கவேண்டிய நிர்ப்பந்தம் எதுவும் இல்லாதவர்.

சரியான கணக்கு வேறு. சகஜ விரயத்துக்குப்பின் நிற்கவேண்டிய 90 டன்னின் மேல் 12 லட்சத்தைப் பரப்பினால் நல்ல பழம் கிலோ 13 ரூபாய் 33 காசு. கொதிகலனால் அழிந்த 10 டன்னை அந்த விலையிலேயே மதித்தால் 1,33,333 ரூபாய். இந்தத் தொகை கூழின் கணக்கில் சேராது. அந்த ஆண்டின் நஷ்டக் கணக்குக்கு, ‘கொதிகலன் பழுது’ என்ற காரணத்தோடு, தனியாகப் போகிறது. மிச்சமுள்ள 10,66,667 ரூபாயை 44 டன்னால் வகுத்தால் மறுபடியும் 24 ரூபாய் 24 காசுதான். கூழின் விலை மாறவில்லை. மாறியது கொதிகலனின் விலைதான். சரக்கு மதிப்பீட்டுக்கான இரண்டாம் கணக்கியல் நியமமும் அசாதாரண விரயத்தைச் சரக்கின் அடக்கவிலையில் சேர்க்கலாகாது என்றே விதிக்கிறது. முதலாளி, 1,33,333 என்ற எண்ணைத் தனியாகக் கண்ட அன்றுதான், வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டிருந்த இரண்டாவது கொதிகலனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

இதே 10 டன்னைச் சாதாரண அழுகலோடு சேர்த்து எழுதியிருந்தால் விளைந்திருக்கும் கெடுதல் அடுத்த ஆண்டில்தான் தெரிந்திருக்கும். 1,000 கார்ட்டன் ஆர்டருக்கு எவ்வளவு காய் வாங்குவது என்பதை இந்த விகிதத்தை வைத்துத்தான் தீர்மானிக்கிறோம். கார்ட்டனுக்கு 3.1 கிலோ டப்பா ஆறு. ஆக 18,600 கிலோ கூழ். உண்மையான விகிதப்படி 37.6 டன் காய் போதும். கொதிகலன் நஷ்டம் கலந்த விகிதப்படி 42.3 டன் வாங்கச் சொல்லும். தேவைக்குமேல் ஏறக்குறைய 4.7 டன் வாங்கி, அதில் ஒரு பகுதியை இயந்திரத்துக்கு இடமில்லாமல் உண்மையிலேயே அழுகவிட்டு, ‘பார்த்தீர்களா, விகிதம் சரிதான்’ என்று சொல்லிக்கொள்ளும் நிலைமை ஏற்படும். தவறாகப் பதிந்த சேதம் தன்னைத்தானே நிஜமாக்கிக்கொள்ளும் விபரீதம் இது.

இனி டப்பாவின் கதை. அது பழத்தைவிடச் சிக்கலானது. ஏனென்றால் பழம் கெட்டால் கண்ணுக்குத் தெரியும், டப்பா கெட்டது தெரிவதற்கு நாளாகும். அடைத்து மூடிச் சூடுகாட்டி ஆறவைத்த டப்பாக்களில் சிலவற்றை மாதிரியாக எடுத்து 37 டிகிரி வெப்ப அறையில் வைத்துப் பார்ப்பார்கள். மற்றவை, மூடியில் அச்சிட்ட லாட் குறியோடு, கிடங்கில் இரண்டு வாரம் போலத் தங்கும். மூடியின் மடிப்பில் நூலிழை அளவு பிசகு இருந்தாலும் உள்ளே நொதித்து வாயு சேரும். தட்டையாக இருக்கவேண்டிய மூடி மேலே எழும்பும். ஒரு பக்கத்தை விரலால் அமுக்கினால் மறுபக்கம் ‘டப்’ என்று துள்ளும். பழகிய கைக்காரர்கள் ஒரு சிறு மரக்கட்டையால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போய், ஓசையின் பேதத்தைக் கொண்டே சந்தேகத்துக்குரிய டப்பாவைப் பிடித்துவிடுவார்கள். நீண்ட நாள் கிடந்த டப்பாவில், கூழின் புளிப்பு தகரத்தை அரித்து உண்டாக்கும் வாயுவாலும் இதே உப்பல் வருவதுண்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்றே, காரணம் வேறு. முன்னது மூடும் இயந்திரத்தின் குற்றம். பின்னது அளவுக்குமீறிச் சரக்கைத் தேக்கிவைத்த விற்பனையின் குற்றம். ஆகவே சேதச் சீட்டில், கண்ட தேதியோடு அடைத்த தேதியும் இருக்கவேண்டும் என்பதை நான் கண்டிப்பான விதியாக வைத்திருந்தேன். இரண்டு தேதிகளுக்கும் இடையிலுள்ள தூரமே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும்.

ஒரு மார்கழி மாதத்தில் வளைகுடா நாட்டு வியாபாரி ஒருவருக்காக 1,000 கார்ட்டன் பெங்களூராக் கூழ் கேட்டுச் செய்தி வந்தது. இருபதடிக் கொள்கலம் ஒன்றில் ஏற்றும் சரக்கு அது. ஏட்டில் 1,030 கார்ட்டன் இருந்தது. விற்பனைப் பிரிவினர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்ளப் போனார்கள். கிடங்கிலோ நிலைமை இவ்வாறு இருந்தது: 40 கார்ட்டன்களில் கார்ட்டனுக்கு ஒரு டப்பா வீதம் ஒழுகியிருந்தது, வேறு 60 கார்ட்டன்கள், மடிப்பில் சந்தேகம் ஏற்பட்ட ஒரு லாட்டைச் சேர்ந்தவையாதலால், பரிசோதனை முடிவுக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. அப்படியானால் நம்மிடம் இருப்பது எவ்வளவு?

சேதமானது 40 டப்பா என்று பார்த்தால் ஏழு கார்ட்டனுக்கும் குறைவுதான். ஆனால் அன்றைய தினம் அனுப்ப முடியாமல் போனது 40 கார்ட்டன். நல்ல 200 டப்பாக்களையும் எடுத்துத் துடைத்துப் புது அட்டைப்பெட்டியில் அடைத்தால் 33 கார்ட்டன் ஆகி, 2 டப்பா உதிரியாக நிற்கும். இதிலும் ஒரு நிபந்தனை உண்டு: பெட்டியின் மேல் எழுதும் லாட் குறியும் உள்ளே இருக்கும் டப்பாவின் குறியும் ஒத்திருக்கவேண்டும், நல்லவேளையாக அந்த நாற்பதும் ஒரே லாட்டாக இருந்தன. ஆகையால் அன்றைக்கு வாக்குக் கொடுக்கக்கூடியது 930; மறு அடைப்பு முடிந்தால் 963; சந்தேக லாட் தேறிவந்தால் 1,023. முதலிரண்டு எண்களிலும் ஆர்டர் நிறைவேறாது, மூன்றாவதில் நிறைவேறும், ஆனால் அந்த மூன்றாவது எண் பரிசோதனைச் சாலையின் கையில் இருக்கிறது, நம் கையில் இல்லை. விற்பனைப் பிரிவினர் இந்த மூன்று எண்களையும் வைத்துக்கொண்டு, பரிசோதனை முடியும் தேதிக்குப்பின் கப்பல் நாள் கேட்டார்கள், வியாபாரியும் ஒப்புக்கொண்டார், லாட்டும் தேறிற்று. 1,030 என்ற ஒரே எண்ணை நம்பி வாக்குக் கொடுத்திருந்தால் கொள்கலம் வாசலில் வந்து நிற்கும்போதுதான் உண்மை தெரிந்திருக்கும்.

அன்றிலிருந்து சரக்கை டப்பாவில் எண்ணுவது, ஆர்டரை மட்டும் கார்ட்டனில் பேசுவது என்று வைத்துக்கொண்டோம். சரக்குக்கு நல்லது, கெட்டது என்று இரண்டு நிலைகள் போதா, நிறுத்தம் என்ற மூன்றாவது நிலையும் வேண்டும் என்பதையும் கண்டிப்பாக்கினோம். நிறுத்தத்தில் உள்ள சரக்குக்கு மதிப்பு உண்டு, ஆகவே சொத்துக் கணக்கில் இருக்கும். ஆனால் வாக்குக் கொடுக்கும் கணக்கில் இராது. எங்கள் ஊர்ச் சிப்பந்திகளில் தமிழ் பேசுகிறவரும் தெலுங்கு பேசுகிறவரும் கன்னடம் பேசுகிறவரும் கலந்திருப்பார்கள். எழுத்தைப் படித்துத்தான் புரியவேண்டும் என்றால் இரவு முறையில் காரியம் நடக்காது. ஆகையால் நிறுத்தத்துக்கு மஞ்சள் அட்டையும், கழிவுக்குச் சிவப்பு அட்டையும் தொங்கவிட்டோம். சிவப்பு அட்டை விழுந்த டப்பாவை அன்றைக்கே ஆணியால் ஓட்டைபோட்டுவிட வேண்டும் என்பதும் விதி. ஓட்டை விழாத கழிவு, எந்த வழியிலாவது நல்ல சரக்கோடு திரும்பிச் சேர்ந்துவிடும் ஆற்றல் உடையது.

சேதச் சீட்டை எழுதவேண்டியவர் யார் என்பதில்தான் எனக்கு மிகுந்த தொல்லை ஏற்பட்டது. ஒரு சமயம் நிர்வாகத்தில் புதிதாக வந்த ஒருவர், அடுக்கும்போது நசுங்கிய டப்பாக்களின் விலையைச் சுமை ஆட்களின் கூலியில் பிடிக்கும்படி உத்தரவிட்டார். அந்த மாதமே சேதச் சீட்டுகள் பாதியாகக் குறைந்தன. அடுத்த மாதம் அநேகமாக நின்றே போயின. அவரும் தம் கண்டிப்பின் பலன் என்று அகமகிழ்ந்தார். நான் மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன்.

“சார், எழுதினா எங்க கூலியில பிடிக்கிறீங்க. எழுதாம அடுக்குக்கு நடுவுல சொருகிட்டா ஆறு மாசம் யாருக்கும் தெரியாது. நீங்களே சொல்லுங்க, நாங்க எதைச் செய்வோம்?” என்றார் அவர்.

அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. நடுவில் சொருகிய நசுங்கல் டப்பா ஒழுகி, கீழே உள்ள ஏழெட்டு அடுக்குகளின் அட்டையை நனைத்து, தகரத்தில் துருவேற்றி, ஒரு டப்பாவின் நஷ்டத்தைப் பல கார்ட்டன்களின் நஷ்டமாக்கியதைப் பிற்பாடு எல்லோரும் கண்டோம். 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம்கூட, தொழிலாளியிடம் ஒப்படைத்த சரக்கு அவருடைய அசட்டையால்தான் சேதமாயிற்று என்றிருந்து, அவர் தரப்பைக் கேட்டபின்தான் பிடித்தம் செய்யலாம் என்றது. நான் சட்டத்தைவிடக் கணக்கைக் காட்டியே வாதாடினேன். பிடித்தம் கைவிடப்பட்டது, சீட்டுகள் மறுபடி வந்தன, பதிவான சேதம் மூன்று மடங்காயிற்று, ஆண்டு முடிவில் எண்ணிப் பார்க்கும்போது வரும் ‘காரணம் தெரியாத குறைவு’ மிகச் சிறிதாகச் சுருங்கிற்று. இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்கவேண்டும். பதிவான சேதம் குறைந்து, காரணம் தெரியாத குறைவு கூடினால், தொழிற்சாலை திருந்தவில்லை, பேனா நின்றுவிட்டது என்று பொருள்.

சீட்டு உண்மையா என்று சோதிப்பதற்குக் கழிவையே சாட்சியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு காலி டப்பாவின் எடை நமக்குத் தெரியும். பழைய இரும்புக்காரர் எடுத்துப்போகும் தகரத்தின் எடையை அதனால் வகுத்தால், சீட்டுகளில் எழுதிய டப்பாக்களின் எண்ணிக்கைக்கு அருகில் வரவேண்டும். சீட்டில் மிகுந்து தகரத்தில் குறைந்தால், சேதம் என்ற பெயரில் நல்ல சரக்கு வெளியேறுகிறது. தோலும் கொட்டையும் அப்படியே: 90 டன் பழத்துக்கு 49½ டன் கூழ் என்றால் மிச்சம் 40½ டன்னும் கழிவு டிராக்டரின் எடைச்சீட்டுகளில் ஏறக்குறைய வந்துசேர வேண்டும். கழிவு கூடிக் கூழ் குறைந்தால் பழம் சரியாகப் பழுக்கவில்லை, அல்லது சல்லடை அடைத்திருக்கிறது. இரண்டுமே குறைந்தால், கூழ் கழுவுநீரோடு ஓடுகிறது, இல்லையேல் எடை மேடை பொய் சொல்கிறது. கழுவுநீர் என்றால் சுத்திகரிப்புத் தொட்டிக்காரர் முதலில் முறையிடுவார்; அவருடைய முறையீட்டைக் கணக்கன் காதுகொடுத்துக் கேட்கவேண்டும்.

வரும்போதே உடைந்து வரும் சரக்குக்கும் ஒரு வார்த்தை. காலி டப்பாக்கள் அத்திப்பள்ளி வழியாக எல்லை தாண்டி வரும். சோதனைச்சாவடிகள் இருந்த நாட்களில் லாரி மணிக்கணக்காக நின்று, பிறகு நேரத்தைப் பிடிப்பதற்காக ஓட்டுநர் பறந்து வருவார். 2017-இல் சரக்கு சேவை வரி வந்து வணிகவரிச் சாவடிகள் எடுபட்டபின் அந்தத் தாமதம் போயிற்று, நசுங்கல் போகவில்லை. எல்.ஆர். நகலில் கையெழுத்திடுமுன், இத்தனை டப்பா நசுங்கல் என்று ஓட்டுநர் எதிரிலேயே எழுதிவிட்டால் அது அனுப்பியவரின் அல்லது லாரிக்காரரின் நஷ்டம். எழுதாமல் கிடங்குக்குள் ஏற்றிவிட்டால், அந்தக் கணத்திலிருந்து நம் நஷ்டம்.

கணினி வந்தபின் இந்த வேலை எளிதாயிற்று என்று சொல்கிறார்கள். எண்ணைக் கூட்டுவது எளிதாயிற்று என்பது வரை நான் ஒப்புக்கொள்கிறேன். டாலியில் `Physical Stock` என்று ஒரு பதிவு உண்டு. எண்ணிப் பார்த்த அளவை அதில் இட்டால், ஏட்டு இருப்பு அந்த அளவுக்கு வந்து நின்றுவிடும். ஏன் குறைந்தது என்று அது கேட்காது. அவசரக்காரர்களுக்கு இதைவிட இனிய வசதி கிடையாது. நான் அதை ஆண்டு முடிவு எண்ணிக்கைக்கு மட்டும் அனுமதித்து, அன்றாடச் சேதத்தை எல்லாம் காரணக் குறிப்போடு `Stock Journal` வழியாகவே எழுதச் செய்தேன். நிறுத்தத்துக்கும் கழிவுக்கும் தனித்தனிக் கிடங்குப் பெயர்களை உண்டாக்கி, மஞ்சள் அட்டை தொங்கும் அதே வேளையில் ஏட்டிலும் சரக்கு இடம்பெயரும்படி செய்தேன்.

வரிச் சட்டமும் இந்தப் பிரிவினைக்குப் புதிய அவசியத்தை உண்டாக்கிவிட்டது. சரக்கு சேவை வரிச் சட்டத்தின் 17(5)(எச்) பிரிவின்படி, தொலைந்த, திருடுபோன, அழிந்த, கணக்கிலிருந்து நீக்கப்பட்ட சரக்குக்குச் செலுத்திய உள்ளீட்டு வரியை வரவு வைத்துக்கொள்ள முடியாது. பச்சைப் பழத்துக்கு வரி இல்லை. ஆனால் தகர டப்பாவுக்கும் அட்டைப்பெட்டிக்கும் உண்டு. ஆகவே உப்பிக் கழிந்த டப்பாவுக்கு வரிவரவைத் திருப்பவேண்டும். உற்பத்தி முறையிலேயே இயல்பாகக் கரைந்துபோகும் விரயத்துக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று, ஓர் இரும்பு உருக்குத் தொழிற்சாலையின் வழக்கில் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எது இயல்பான விரயம், எது அழிவு என்பதைச் சீட்டு பிரித்துச் சொல்லாவிட்டால், இந்தத் தீர்ப்பின் அனுகூலத்தை எந்த அத்தாட்சியைக் கொண்டு கேட்பது?

இப்போது பெரும்பாலான கூழ், நுண்ணுயிர் நீக்கிய பைகளில் அடைத்து, 215 கிலோ பிடிக்கும் பீப்பாய்களில் போகிறது. ஒரு கொள்கலத்துக்கு 80 பீப்பாய். நசுங்கலும் துருவும் குறைந்துவிட்டன. ஆனால் முன்பு ஒரு டப்பா கெட்டால் 3.1 கிலோ போயிற்று. இப்போது ஒரு பை உப்பினால் 215 கிலோ போகிறது. எண்பதில் ஒன்று குறைந்தால் கொள்கலமே குறைபட்டு நிற்கிறது. ஆகையால் பீப்பாய்க்காரர்களுக்கு நான் சொல்வது, ஒவ்வொரு லாட்டிலும் கொள்கலத்துக்கு இரண்டு பீப்பாய் அதிகமாக வைத்துக்கொள்ளுங்கள், அந்த இரண்டை வாக்குக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்பதே. எத்தனை வைப்பது என்பதற்குக் கூட அனுமானம் வேண்டியதில்லை. மூன்று பருவங்களின் சேதச் சீட்டுகளை ஒழுங்காக எழுதி வைத்திருக்கும் தொழிற்சாலைக்கு அந்த எண் அதன் சொந்த ஏட்டிலேயே கிடைக்கும். எழுதி வைக்காத தொழிற்சாலை பக்கத்துத் தொழிற்சாலையின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அது அந்தத் தொழிற்சாலையின் மூடும் இயந்திரத்துக்கும் அதன் ஆட்களுக்கும் பொருந்திய எண், தனக்கு உரியதன்று என்பது ஆர்டர் தவறியபின்தான் அதற்குத் தெரியவரும்.